மணி போட்ட செய்தி

வைகுண்ட ஏகாதசிக்கு எங்க ஏரியா பெருமாள் கோயில் டிரஸ்ட் பக்தர்களுக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறது. கூட்டம், பார்க்கிங் நிலவரம் வாட்ஸ்அப் குரூப்பில் வருமாம். கூடவே ஒரு வரி: 'மணி போடாத தகவலை நம்ப வேண்டாம்.'

யோசித்துப் பாருங்கள். 'ஸ்கூல் கிரவுண்டில் இடம் இருக்கு' என்று விடிகாலை நாலரைக்கு வந்த செய்தியை, யாரோ ஒரு புண்ணியவான் ஐந்தே முக்காலுக்கு ஃபார்வர்ட் செய்கிறார். வாட்ஸ்அப் காட்டுவது ஐந்தே முக்கால்! நம்பி வந்த கார்கள் சந்துக்குள் திரும்ப முடியாமல் நிற்கும். பின்னாலேயே ஆம்புலன்ஸ் வந்தால்?

பழைய செய்தியை டிரஸ்ட் அழித்தாலும் ஃபார்வர்ட் ஆனது அழியாது. அதனால்தான் செய்திக்குள்ளேயே '4.30 நிலவரம்' என்று எழுதப் போகிறார்கள். இன்னொன்று, இருபது கார் இடம் மிச்சமிருக்கும்போதே 'நிரம்பியது' என்பார்களாம். அந்த இருபதும் ஏற்கெனவே வழியில் வந்துகொண்டிருப்பவர்களுக்கு!