ஒன்பதாவது பிட்

இன்டெல் 8085-க்குக் கூட்டத் தெரியும், கழிக்கத் தெரியும். வகுக்க ஒரு கட்டளை கிடையாது. டிப்ளமோ மாணவர்களுக்கு மைக்ரோபிராசசர் லேபில் இந்தக் குறையே நல்ல பாடமாகிவிடுகிறது. திருவண்ணாமலையில் இதைச் சொல்லித்தரும்போது நான் கொடுக்கும் கணக்கு உள்ளூர்க் கணக்கு: மலையின் உயரம் 2,668 அடி என்பார்கள், ராஜகோபுரம் 217 அடி. எத்தனை கோபுரம் அடுக்கினால் மலை? விடை 12, மீதி 64. மலை 16 பிட் எண், கோபுரம் 8 பிட் எண்.

217-ஐத் திரும்பத் திரும்பக் கழித்து எண்ணினாலும் விடை வரும். இந்தக் கணக்குக்குப் பன்னிரண்டு சுற்றுதான், அது வேகமும்கூட. ஆனால் 65,535-ஐ 1-ஆல் வகுக்கச் சொன்னால் 65,535 சுற்று. நகர்த்திக் கழிக்கும் முறையில் எந்த எண்ணுக்கும் பதினாறே சுற்று. பள்ளியில் நெடுவகுத்தலில் அடுத்த இலக்கத்தைக் கீழே இறக்குவோமே, அதேதான். இரும எண்ணில் ‘எத்தனை தடவை போகும்’ என்று யோசிக்க வேண்டியதில்லை. போகும் அல்லது போகாது, அவ்வளவுதான்.

வகுபடும் எண் HL-இல், வகுக்கும் எண் C-இல், மீதி A-இல்:

```
      MVI B,10H
      XRA A
LOOP: DAD H
      RAL
      JC  SUBT
      CMP C
      JC  NEXT
SUBT: SUB C
      INR L
NEXT: DCR B
      JNZ LOOP
```

`DAD H` என்பது HL-ஐ அதனோடேயே கூட்டுவது. அதாவது ஒரு பிட் இடப்பக்கம் நகர்த்துவது. வெளியே விழும் பிட் கேரியில் நிற்கும்; `RAL` அதை மீதியின் கடைசியில் சேர்த்துக்கொள்ளும். மீதியில் C போகுமானால் கழித்து, `INR L`-ஆல் ஈவுக்கு ஒரு 1 போடுகிறோம். நகர்ந்ததால் L-இன் கடைசி இடம் காலியாக, பூஜ்யமாக இருக்கிறது; அங்கேதான் அந்த 1 உட்காருகிறது. வகுபடும் எண் ஒரு பக்கம் காலியாகக் காலியாக, மறுபக்கம் ஈவு நிரம்புகிறது. பதினாறு சுற்று முடிந்ததும் HL முழுவதும் ஈவு. தனி ரிஜிஸ்டரே தேவைப்படவில்லை.

இனி 2,668-ஐ ஓட்டிப் பார்ப்போம். பதினாறடிமானத்தில் அது 0A6C. 217 என்பது D9. முதல் நான்கு பிட்டும் பூஜ்யம். அதன்பின் மீதி 1, 2, 5, 10, 20, 41, 83, 166 என்று வளரும். பன்னிரண்டு சுற்று முடிந்தும் ஈவு பூஜ்யம்தான். பதின்மூன்றாவது சுற்றில் 166 இரட்டிப்பாகி, ஒரு 1-உம் சேர்ந்து 333 ஆகிறது. A-இல் 255-க்கு மேல் இடமில்லை. 256 கேரிக்குப் போய்விட, A-இல் நிற்பது வெறும் 77.

`RAL`-க்கு அடுத்த `JC` இந்த நொடிக்காகவே இருக்கிறது. கேரி வந்தால் ஒன்பது பிட் எண் கையில் இருக்கிறது. அது எந்த 8 பிட் எண்ணையும் விடப் பெரியது, ஒப்பிடவே வேண்டாம். நேராகக் கழித்தால் 77-இலிருந்து 217 போக 116 வரும். 333-இலிருந்து 217 போனாலும் அதே 116. அடுத்த சுற்றில் 233, கழித்து 16. பிறகு 32, 64. ஈவின் கடைசி பிட்டுகள் 1100, அதாவது 12.

அந்த ஒரு வரியை விட்டுவிட்டால்? `CMP C` 77-ஐப் பார்த்து ‘போகாது’ என்று சொல்லிவிடும். கேரியில் இருந்த 256 அங்கேயே தொலைந்தது. இறுதியில் ஈவு 0, மீதி 6C. வகுபடும் எண்ணின் கீழ் பைட்டே மீதியாக வந்து நிற்பதைப் பார்த்தால், மேலே போன பிட்டுகள் தொலைந்தன என்று சந்தேகிக்கலாம். ஆனால் வகுக்கும் எண் பூஜ்யமானாலும் மீதி அப்படித்தான் வரும். அப்போது ஈவு FFFF. ஆகையால் C பூஜ்யமா என்று முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது.

வகுக்கும் எண் 128 வரை இந்தப் பிழை தலைகாட்டாது. மீதி அதிகபட்சம் 127, இரட்டித்து ஒன்று கூட்டினால் 255, A-க்குள் அடங்கிவிடும். 129-இலிருந்துதான் ஆபத்து. லேபில் 100-ஐ 5-ஆல் வகுத்துக் காட்டுபவருக்கு அது தெரியவே தெரியாது.

‘அப்படியானால் இருப்பதிலேயே பெரிய எண்களைப் போடலாமே’ என்று மாணவர்கள் FFFF-ஐ FF-ஆல் வகுப்பார்கள். `JC` இல்லாத புரோகிராமும் 0101H, மீதி 0 என்று சரியாகவே சொல்லும்! எட்டாவது பிட்டில் மீதி 255 ஆகி உடனே கழிந்து பூஜ்யமாகிவிடுகிறது. ஒன்பதாவது பிட் எழவே இல்லை. 8000H-ஐ FF-ஆல் வகுத்துப் பாருங்கள். மீதி 128 வரை ஏறி, அடுத்த சுற்றில் 256 ஆகும். சரியான புரோகிராம் ஈவு 80H, மீதி 80H தரும். தவறானது இரண்டிலும் பூஜ்யம் காட்டும். சோதனைக்குத் தேவை பெரிய எண் அல்ல, கழிபடாமல் 128-ஐத் தொடும் மீதி.