சிங்கம் ஒன்றுதான், அரிசி வேறு

மன்னார்குடி பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பம். தை மாதம் பெண்ணுக்குக் கல்யாணம். விளைந்த நெல்லையெல்லாம் கொள்முதல் நிலையத்தில் போட்டாகிவிட்டது. வீட்டுச் சாப்பாட்டுக்கு நிறுத்தி வைத்தது பந்திக்குப் போதாது. பத்து மூட்டை அரிசி வெளியில்தான் வாங்க வேண்டும். சமையல் மாஸ்டர் செல்போனில் ஒரு படம் அனுப்பினார். சிங்கம் போட்ட சாக்கு, மேலே 'டீலக்ஸ் பொன்னி' என்ற பெரிய எழுத்து. "இதே அரிசி வாங்கிடுங்கம்மா, பந்தியில சாதம் பேசும்" என்று ஒரு வரி.

படத்தை எடுத்துக்கொண்டு அந்த அம்மா ஊர்க் கடைக்குப் போனார். கடையிலும் சிங்கம் போட்ட சாக்கு இருந்தது. நிறமும் எழுத்தும் ஏறக்குறைய அதேதான். மாஸ்டர் சொன்னதைவிடக் கிலோவுக்கு மூன்று ரூபாய் குறைவு. அங்கேயே பணம் கொடுத்திருப்பார். கூட வந்த அவருடைய தம்பிதான், "இருக்கா, பின்பக்கத்தைப் பாப்போம்" என்று நிறுத்தினார்.

அரிசிச் சாக்கில் பெரிதாக இருப்பதெல்லாம் விளம்பரம். சிங்கம், மயில், யானை, தாமரை என்று ஒரே படத்தைப் பல ஆலைகள் போடுகின்றன. போனில் படத்தை வைத்துத் தேடினாலும் சிங்கம் போட்ட சாக்குகள் வரிசையாக வந்து நிற்குமே தவிர, நம் சாக்கு எது என்று தெரியாது. அடையாளம் சின்ன எழுத்தில்தான் இருக்கிறது: அரைத்துக் கட்டியவர் பெயரும் ஊரும், நிகர எடை, கட்டிய மாதம், 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண். மாஸ்டர் அனுப்பிய படத்தில் இவை எதுவும் இல்லை. தம்பி அவரிடம் மூன்று படங்கள் கேட்டு வாங்கினார். ஒன்று சாக்கின் பின்பக்கம். இரண்டாவது உரிம எண் மட்டும், கிட்டத்தில். மூன்றாவது, கறுப்புத் துணியில் பரப்பிய ஒரு பிடி அரிசி, பக்கத்தில் பள்ளிக்கூட ஸ்கேல்.

உரிம எண்ணைப் படிக்க ஒரு முறை உண்டு. முதல் இலக்கம் 1 என்றால் அது உரிமம். 2 என்றால் சிறு வியாபாரிகள் செய்துகொள்ளும் பதிவு. அடுத்த இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கும். தமிழ்நாட்டுக்கு 24, கர்நாடகாவுக்கு 12. மாஸ்டர் சாக்கின் எண் 112 என்று தொடங்கியது. கடைச் சாக்கில் 124. ஒன்று கர்நாடக உரிமம், இன்னொன்று தமிழ்நாட்டு உரிமம். கட்டியவர் பெயரும் ஊரும் வேறு வேறாகவே இருந்தன. ஆக, சிங்கம் ஒன்றானாலும் இரண்டும் ஒரே அரிசி என்று சொல்ல வழியில்லை.

இங்கே இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒரே கம்பெனி இரண்டு மாநிலங்களில் அரைத்துக் கட்டினால் எண் மாறத்தான் செய்யும். அதனால் எண்ணோடு பெயரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முழு எண்ணையும் foscos.fssai.gov.in தளத்தில் போட்டால் உரிமம் யார் பெயரில் இருக்கிறது என்று வரும். எதுவும் வரவில்லையென்றால் உடனே போலி என்று முடிவு கட்ட வேண்டாம். சாக்கு மடிப்பில் 3-ம் 8-ம் ஒன்றுபோலத் தெரியும். எண்ணை மறுபடி படித்துப் பார்க்கவும். இன்னொன்று, உரிம எண் சொல்வது யார் கட்டினார் என்பதை மட்டுமே. உள்ளே இருப்பது என்ன ரகம், நல்ல அரிசியா என்பதை அது சொல்லாது. அதற்கு அரிசியைத்தான் பார்க்க வேண்டும்.

'டீலக்ஸ்', 'சூப்பர் பைன்' என்பதெல்லாம் அரசு வைத்த தரம் அல்ல. ஆலைக்காரர் வைத்த பெயர். 'பொன்னி' என்ற சொல்லும் இன்று பல சாக்குகளில் வியாபாரப் பெயராகத்தான் ஓடுகிறது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் தந்த வெள்ளைப் பொன்னி ஒரு ரகம். ஆந்திராவின் பாபட்லாவில் உருவான பி.பி.டி. 5204 வேறொரு ரகம். இரண்டுக்கும் மசூரி மூதாதை என்பதால் சாயல் உண்டு. டீலக்ஸ் பொன்னி என்று கடையில் விற்பதில் பெரும்பகுதி பி.பி.டி.தான். அதைப் பயிர் செய்கிற நம் விவசாயிகளுக்கே இது தெரிந்த விஷயம். வெந்த அரிசியையோ அரைத்த அரிசியையோ கண்ணால் பார்த்து ரகத்தின் பெயரை உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் சன்னமா, மோட்டாவா என்பதை வீட்டிலேயே அளந்துவிடலாம்.

அந்த அம்மாவும் தம்பியும் அளந்தது இப்படித்தான். உடையாத பத்து அரிசியைப் பொறுக்கி, ஸ்கேல் ஓரமாக நுனியோடு நுனி சேர்த்து நீளவாக்கில் வைத்தார்கள். பிறகு அதே பத்தையும் பக்கம் பக்கமாக ஒட்டி வைத்து அகலம் பார்த்தார்கள். மாஸ்டரும் அங்கே அதே மாதிரி வைத்துப் படம் அனுப்பினார். அவருடைய அரிசி பத்தும் சேர்ந்து நீளம் 52 மில்லிமீட்டர், அகலம் 20. நீளத்தை அகலத்தால் வகுத்தால் 2.6. கடைச் சிங்கத்தில் நீளம் 54, அகலம் 23, வகுத்தால் 2.3-க்குச் சற்று மேல். கொள்முதலில் சன்ன ரகம், பொது ரகம் என்று பிரிக்கிற கோடு இந்தக் கணக்கில் 2.5. அதற்கு மேலே போனால் சன்னம், கீழே வந்தால் பொது. கடை அரிசி நீளமாகத் தெரிந்ததே தவிர, சன்ன ரகம் இல்லை. 2.4, 2.5 என்று கோட்டை ஒட்டி வந்தால் மட்டும் இந்த அளவை நம்பித் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஸ்கேலில் அரை மில்லிமீட்டர் தவறினாலே விடை மாறிவிடும். வேறு பத்து அரிசி எடுத்து இரண்டு மூன்று தடவை அளக்க வேண்டும்.

அடுத்தது நொய். நூறு கிராம் அரிசியை எடை போட்டு, முழு அரிசியில் முக்கால் அளவுக்கும் குறைவாக உடைந்தவற்றைத் தனியே பொறுக்கி எடை போட வேண்டும். சாக்கின் வாயில் கை விட்டு அள்ளிய அரிசி போதாது. நொய் அடியில் இறங்கி நிற்கும். கடைக்காரர் வைத்திருக்கும் குத்தூசியால் மேல், நடு, அடி என்று மூன்று இடத்தில் எடுத்துக் கலந்துகொள்ள வேண்டும். கடைச் சிங்கத்தில் நூற்றுக்கு 14 கிராம் நொய் வந்தது. மாஸ்டர் தன்னிடம் இருந்ததில் பொறுக்கிப் பார்த்து 4 கிராம் என்றார்.

இனி விலை. மாஸ்டர் சாக்கு 26 கிலோ, 1,690 ரூபாய். கடைச் சாக்கு 25 கிலோ, 1,550 ரூபாய். சாக்கு விலையை மட்டும் பார்த்தால் 140 ரூபாய் குறைவு போலத் தெரியும். எடையால் வகுத்தால் கிலோ 65, கிலோ 62. உண்மையான வித்தியாசம் மூன்று ரூபாய்தான். 25, 26 என்ற இந்த ஒரு கிலோ வித்தியாசத்துக்குக் காரணம் வரி. 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரை பெயர் போட்டுக் கட்டிய அரிசிக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. வந்தது. அதற்கு மேல் எடையுள்ள மூட்டைக்கு அந்த வரி இல்லை. அதன் பிறகுதான் 26 கிலோ மூட்டை எங்கும் பரவியது. அதனால் மூட்டைக்கு மூட்டை விலை பார்க்கவே கூடாது; கிலோ விலைதான் கணக்கு.

கிலோ விலையிலும் நொய்யைக் கழித்துப் பார்க்க வேண்டும். பந்தியில் நொய் சாதம் குழைந்து கட்டிப் போகும். அதைச் சலித்து ஒதுக்கத்தான் வேண்டும். கடைச் சிங்கத்தில் ஒரு கிலோவுக்கு முழு அரிசி 860 கிராம்தான். 62 ரூபாயை 0.86-ஆல் வகுத்தால் முழு அரிசி கிலோ 72 ரூபாய் ஆகிறது. மாஸ்டர் அரிசிக்கு 65-ஐ 0.96-ஆல் வகுத்தால் 68 ரூபாய்க்குள் நிற்கிறது. மூன்று ரூபாய் மலிவாகத் தெரிந்தது, நான்கு ரூபாய்க்கு மேல் அதிகம். இது கல்யாணப் பந்திக்கான கணக்கு. வீட்டுக்கென்றால் நொய் கஞ்சிக்கும் உப்புமாவுக்கும் ஆகும். அதற்குக் கிலோ 30 ரூபாய் மதிப்புப் போட்டால் இரண்டு சாக்கும் கிட்டத்தட்ட ஒரே விலைக்கு வந்துவிடும். யாருக்கு, எதற்கு என்று தெரியாமல் மலிவு எது என்று சொல்ல முடியாது.

கடைக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. "நான் அதே அரிசின்னு சொல்லலையே அக்கா, படம் ஒண்ணா இருக்குன்னுதான் சொன்னேன். பந்திக்குன்னா இத பாருங்க" என்று உள்ளேயிருந்து வேறொரு சாக்கை இழுத்துப் போட்டார். படமே இல்லாத சாக்கு. நம் மாவட்டத்து ஆலை, 26 கிலோ, 1,612 ரூபாய். கிலோ 62. அளந்ததில் நீளம் 52, அகலம் 20. நொய் 5 கிராம். முழு அரிசி கணக்கில் 65 ரூபாய் சொச்சம்.

பாக்கி ஒரு சோதனை, பழசா புதுசா என்பது. அறுத்து ஆறு மாதமாவது ஆன நெல்லின் அரிசி உதிரியாக வேகும், கூடுதலாகத் தண்ணீர் இழுக்கும், சாதம் காணும். புது நெல் அரிசி சன்னமாகவே இருந்தாலும் ஒட்டும், கஞ்சி கெட்டியாக இறங்கும். சாக்கில் போட்டிருப்பது கட்டிய மாதம். நெல் அறுத்த மாதம் அல்ல. அதனால் வேகவைத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஒரு மூட்டை மட்டும் வாங்கி, மாஸ்டரையே வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு படி வடித்தார்கள். ஆறிய பிறகு கையில் எடுத்து உதிர்த்துப் பார்த்தார் அவர். "இதுவே போதும்மா" என்றார்.

மிச்சம் ஒன்பது மூட்டை எடுக்கும்போது அந்த அம்மா இரண்டு காரியம் செய்தார். கட்டிய மாதமும் தொகுதி எண்ணும் முதல் மூட்டையில் இருந்ததேதானா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். அடுத்த லாரியில் வந்த சரக்கு ஒரே பெயரில் வேறாக இருக்கலாம். சாக்கின் வாய்த் தையலையும் பார்த்தார். பழைய ஊசி ஓட்டைக்குப் பக்கத்தில் புதுத் தையல் ஓடியிருந்தால் பிரித்து வேறு அரிசி போட்டுத் தைத்திருக்க வாய்ப்புண்டு. அப்படி இருந்த ஒரு மூட்டையை மாற்றி வாங்கினார். முதல் மூட்டையிலிருந்து ஒரு கிலோவைத் தனியே கட்டி, ஒப்பிட்டுப் பார்க்க வைத்துக்கொண்டார்.

பத்து மூட்டைக்கு 16,120 ரூபாய் ஆனது. மாஸ்டர் சொன்ன சிங்கத்தைத் தேடிப் பிடித்திருந்தால் 16,900. மிச்சமான 780 ரூபாயை அவர் பெரிதாகச் சொல்லவில்லை. "நாம விளைவிக்கிற நெல்ல சன்னமா மோட்டாவான்னு அவன் அளந்து வாங்குறான். நாம வாங்குற அரிசிய நாம அளக்க வேணாமா?" என்று தம்பியிடம் கேட்டார்.