முட்டை எப்ப உடைக்கிற, சேர்?

"படிக்காட்டி கடைசியில கொத்துத்தான் போடணும்."

வீட்டுவேலை செய்யாமல் வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் பல வருடமாகச் சொல்லி வந்த வசனம் இது. இந்த வருடம் எங்கட பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டியோடு அதை விட்டுவிட்டேன். ஏன் விட்டேன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான். ஆனால் கொத்து ரொட்டி பிடித்தவர்கள் கடைசி வரைக்கும் வாசியுங்க, வீட்டில் போடவும் உதவும்.

விஞ்ஞான ஆய்வுகூடத்துக்கு இரண்டு நுணுக்குக்காட்டி வாங்கக் காசு சேர்க்க வேண்டியிருந்தது. போட்டி நடக்கும் அன்று பின்னேரம் ஆசிரியர்கள் சேர்ந்து கொத்துக் கடை போடுவோம் என்று நான்தான் சொன்னேன். மூன்றடி நீளமான ரொட்டிக் கல் ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். அடியில் இரண்டு கேஸ் அடுப்பு. நாற்பது பார்சலுக்கு முன்கூட்டியே காசு வாங்கியாச்சு. கொத்துப் போடுவது யார்? நானேதான். இராவில் கடை வாசலில் நின்று எத்தனை தடவை பார்த்திருக்கிறேன், இதில் என்ன கிடக்கு என்ற எண்ணம்.

முதல் பத்துப் பார்சலையும் ஒரேயடியாகப் போட்டேன். அடுப்பைப் பற்றவைத்து இரண்டு நிமிடத்தில் எண்ணெய். பிறகு வெங்காயம், லீக்ஸ், கோவா, கரட் எல்லாம் ஒன்றாக. அதுக்கு மேல் இருபது பராட்டா. அன்று மத்தியானம் சுட்டுப் பொலித்தீன் பையில் கட்டி வைத்தது, மெத்தென்று இருந்தது. கோழி ஆணத்தை அகப்பையால் அள்ளி ஊற்றினேன். கடைசியாகப் பத்து முட்டையை மேலே உடைத்துவிட்டுத் தகட்டால் கொத்தத் தொடங்கினேன்.

கல்லில் இருந்து எழும்ப வேண்டிய 'டங் டங்' வரவில்லை. ஈரச் சீலையில் அடித்த மாதிரி 'தொப் தொப்' என்றுதான் கேட்டது. ஐந்து நிமிடத்தில் எல்லாம் ஒன்றாய்ச் சேர்ந்து களி மாதிரி வந்துவிட்டது. பச்சை முட்டை வாடை வேறு. வரிசையில் நின்ற பிள்ளைகள் ஒன்றும் சொல்லவில்லை. சும்மா பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அந்த நேரம்தான் ஒரு தம்பி பக்கத்தில் வந்து நின்றார். எங்களிடம் படித்த பிள்ளைதான், சாதாரண தரத்தோடு நின்றுவிட்டவர். இப்போது டவுனில் இராக் கடையொன்றில் கொத்துப் போடுகிறார். தங்கச்சிட ஓட்டத்தைப் பார்க்க வந்தவர்.

"சேர், கல்லு சூடில்ல. நீங்க கொத்துப் போடல்ல, அவிச்சிரிக்கீங்க."

தகட்டை அவரிடம் கொடுத்தேன். கல்லில் கிடந்த எல்லாவற்றையும் வழித்து ஒரு தட்டத்தில் போட்டார். கல்லைச் சுரண்டித் துடைத்தார். இரண்டு அடுப்பையும் முழுசாகத் திறந்துவிட்டு, ஐந்தாறு நிமிடம் ஒன்றும் செய்யாமல் நின்றார். பிறகு விரலை நனைத்து, காய்ந்த கல்லில் இரண்டு துளி தெளித்தார். ஓரத்தில் விழுந்த துளி பரவி, சீறி, அந்த இடத்திலேயே காய்ந்துபோனது. நடுவில் விழுந்த துளி முத்து மாதிரி உருண்டு ஓடியது.

ஆவியாதல் படிப்பிக்கிறவன் நான். கல் மிகவும் சூடாக இருந்தால் துளியின் அடிப்பக்கம் உடனே ஆவியாகி, அந்த ஆவிப் படையின் மேல் துளி மிதக்கும். அதனால்தான் அது காயாமல் ஓடுகிறது. இதைப் புத்தகத்தில் வாசித்திருக்கிறேன். ரொட்டிக் கல்லில் ஒருநாளும் பார்க்கத் தோன்றவில்லை. (எண்ணெய் விட முதல்தான் இப்படிப் பார்க்க வேண்டும். சூடான எண்ணெயில் தண்ணீர் பட்டால் முகத்தில் தெறிக்கும்.)

"நடுவு கொத்துற இடம், ஓரம் முட்டைக்கு" என்றார் தம்பி. ஒரே கல்லில் இரண்டு சூடு இருக்கிறது என்று அன்றுதான் விளங்கியது. மரக்கறிக்கும் ரொட்டிக்கும் துளி ஓடுகிற சூடு வேண்டும். அதே சூட்டில் முட்டையை உடைத்தால் அடி உடனே கருகி, மேலே பச்சையாக நிற்கும்.

பத்துப் பேருக்கு ஒன்றாகப் போட்டதும் பிழை என்றார். அந்தக் கல்லுக்கும் அந்த அடுப்புக்கும் நாலு பேருக்குத்தான் கணக்கு. குளிர்ந்த மரக்கறி கூடிப்போனால் கல்லின் சூட்டை அது உறிஞ்சிக்கொள்ளும். பிறகு வெங்காயமும் கோவாவும் விட்ட தண்ணீர் போக வழியில்லாமல் கிடந்து கொதிக்கும். தண்ணீர் கிடக்கும் வரை அந்த இடம் 100 பாகைக்கு மேல் போகாது. அதில் பொரியல் எப்படி நடக்கும்?

நாலு பேருக்கு எண்ணெய் விட்டு, உள்ளி, பச்சமிளகாய், கறிவேப்பிலை, ரம்பை போட்டார். வாசம் வந்ததும் வெங்காயமும் லீக்ஸும், அதுக்குப் பிறகு கோவாவும் கரட்டும். பரத்திவிட்டு ஒரு நிமிடம் தொடவேயில்லை. ஓரம் லேசாகச் சிவக்கத் தொடங்கியதும்தான் என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்:

"இப்ப சொல்லுங்க சேர், முட்டை எப்ப உடைக்கிற?"

வகுப்பில் நான் கேள்வி கேட்கும்போது பிள்ளைகள் முழிக்கிற மாதிரி நான் முழித்தேன்.

அவர் விளக்கியது இதுதான். ஆணம் விட்ட பிறகு முட்டை போட்டால், அந்த ஈரத்தில் முட்டை கரைந்துபோகும், பொரியாது. அதுதான் என்னுடைய களியும் வாடையும். எல்லாத்துக்கும் முதலே முட்டையைப் போட்டுப் பொரித்துவிட்டால், மரக்கறியும் ரொட்டியும் வேகும் நேரம் முழுக்க அதுவும் கிடந்து இறப்பர் மாதிரி ஆகிவிடும். ரொட்டியில் ஒட்டவும் செய்யாது. ஆகவே மரக்கறியின் தண்ணீர் வற்றிய பிறகு, ரொட்டி விழ முதல். அந்த இடைவெளிதான் முட்டைக்கு.

மரக்கறியை நடுவிலேயே விட்டுவிட்டு, பக்கத்தில் சூடு குறைந்த இடத்தில் கொஞ்சம் எண்ணெய் விட்டார். ஐந்து முட்டை உடைத்து, உப்பும் மிளகுதூளும் தூவி, தகட்டின் நுனியால் மஞ்சள் கருவைக் கலைத்தார். கைவிடாமல் கிளறவில்லை. அடி பிடித்து, மேலே இன்னும் ஈரமாய்ப் பளபளக்கிற நேரம் பார்த்து, மரக்கறியை அதுக்கு மேல் இழுத்துப் போட்டு, எட்டு பராட்டாவையும் கிழித்து மேலே போட்டார். பிறகு எல்லாத்தையும் நடுச் சூட்டுக்குத் தள்ளினார். மிச்சமிருந்த அந்த ஈர முட்டைதான் ரொட்டித் துண்டுகளில் பூசி, அங்கேயே காய்ந்து பிடிக்கும். பளபளப்பு முழுசாகப் போன பிறகு ரொட்டியைப் போட்டால் பிந்திவிட்டது. முட்டை தனி, ரொட்டி தனி.

இந்தப் பராட்டாவும் நான் சுட்டது இல்லை. பக்கத்துக் கடையில் முந்தின இரவு மிஞ்சியதை ஆளனுப்பி எடுப்பித்தார். சுட்டு ஒரு நாள் கிடந்த ரொட்டி கொஞ்சம் விறைத்திருக்கும், கொத்தினால் வெட்டுப்படும். புதுசாய் ஆவியோடு கட்டி வைத்தது வெட்டுப்படாது, நசியும்.

அதுக்குப் பிறகுதான் கொத்துகிற சத்தம். நான் கையில் பலம் போட்டு ஓரே இடத்தில் இடித்துக்கொண்டிருந்தேன். தம்பி பலமே போடவில்லை. தகட்டை நேராகத் தூக்கி, வலது, இடது, வலது, இடது என்று மாறி மாறி விழவிட்டார். தகட்டின் பாரமே வெட்டியது. நாலு வெட்டுக்கு ஒருதரம் இரண்டு தகட்டையும் கல்லோடு சாய்த்து, 'சர்ர்' என்று அடியோடு வழித்துப் புரட்டினார். டக் டக், டக் டக், சர்ர். அழகுக்காக இல்லை இந்தத் தாளம். வெட்டும்போது துண்டு சிறுக்கும், ஆனால் கீழே கிடப்பது பிடிக்கத் தொடங்கும். வழித்துப் புரட்டினால் பிடிப்பு விடும், உள்ளே அடைபட்ட ஆவியும் வெளியே போகும். வெட்டிக்கொண்டே இருந்தால் கருகும். புரட்டிக்கொண்டே இருந்தால் கல்லின் சூடு ஏறாது.

எப்போது நிறுத்துவது? "காதக் குடுங்க சேர்" என்றார். ஈரம் இருக்கும் வரை சத்தம் மொத்தையாக வரும். ஈரம் வற்ற வற்ற இரும்பில் இரும்பு படுகிற சத்தம் தெளியும். அது தெளிந்ததும், துண்டுகள் பெருவிரல் நகத்தளவில் இருக்கும்போதே வெட்டை நிறுத்திவிட வேண்டும். அதுக்கு மேல் வெட்டினால் உப்புமாதான். கடைசியாகத்தான் ஆணம். அதுவும் கொதிக்கக் கொதிக்க, ஆளுக்கு மூன்று நாலு கரண்டிக்கு மேல் இல்லை. இரண்டு தரம் புரட்டி, பரத்தி, அரை நிமிடம் விட்டு எடுத்தார். துண்டு துண்டாய், முட்டை பிடித்து, லேசாய்க் கருகல் வாசத்தோடு இருந்தது.

நான் கெடுத்ததைத் திரும்பக் கல்லில் மெல்லிசாய்ப் பரத்திக் காய்ச்சிப் பார்த்தார். ஈரம் கொஞ்சம் போனது, துண்டாக வரவில்லை. சாப்பிடலாம், விற்க ஏலாது. ஆசிரியர்கள் நாங்கள்தான் இராச் சாப்பாடாக அதைத் தின்றோம். இரவு ஒன்பதரைக்குள் மிச்ச முப்பது பார்சலையும் தம்பி முடித்துவிட்டார்.

வீட்டில் போடுகிறவர்களுக்கு ஒரு விசயம். நொன்ஸ்டிக் தாச்சியில் தகட்டால் கொத்தாதீங்க, பூச்சுப் போய்விடும். பழைய ரொட்டியைக் கத்தியால் முதலே வெட்டி வைத்து, இரும்புத் தாச்சியில் இரண்டு தட்டையான மரக்கரண்டியால் புரட்டினால் போதும். ஒரு தடவைக்கு இரண்டு பேருக்கு மேல் போட வேண்டாம். தாச்சி சிறிசு, சூடு குறைந்த ஓரம் அதில் கிடைக்காது. முட்டை உடைக்கிற நேரம் மட்டும் அடுப்பைக் குறைத்து, ரொட்டி விழுந்ததும் திரும்பக் கூட்டுங்க.

கல்லைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது தம்பி சிரித்துக்கொண்டே சொன்னார்: "எட்டாம் ஆண்டில நீங்க சொன்ன மாதிரியே கொத்துத்தான் போடுறன் சேர்."

அவரிடம் கோபம் இருக்கவில்லை. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருடமும் அவர் அதை ஞாபகம் வைத்திருக்கிறார். "அப்படிச் சொன்னது பிழை தம்பி" என்றேன். "அதுக்கென்ன சேர்" என்று சொல்லிவிட்டு, தங்கச்சியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

சேர்ந்த காசுக்கு நுணுக்குக்காட்டி ஒன்றுதான் வாங்க ஏலுமாக இருந்தது. இரண்டாவதுக்கு இன்னும் கொஞ்சம் குறைகிறது. அந்த முதல் பத்துப் பார்சலின் காசைத் திருப்பிக் கொடுத்ததும் அதில் அடங்கும்.