மேஸ்திரியின் கணக்கு எண்

மொட்டைமாடித் தளம் ஒழுகுகிறது என்று கும்பகோணத்துச் சித்தப்பா ஒரு மேஸ்திரியைப் பேசி முடித்திருந்தார். முன்பணம் எழுபதாயிரம். அதை வங்கிக்குப் போய்ச் செலான் எழுதாமல் போனிலேயே அனுப்பிவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. வங்கியின் ஆப் ஏற்கெனவே போனில் இருந்தது. இருப்பு பார்ப்பதற்கு மட்டும் அதைத் திறப்பார். மின்வாரியத்தில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால் எண்கள் அவருக்குப் பயமில்லை. அவரைத் தடுத்தது ‘பேயீ’ என்ற ஒரு திரைதான். யாருக்குப் பணம் போக வேண்டுமோ அவரை முதலில் பட்டியலில் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் திரை அது. சில ஆப்களில் ‘பெனிஃபிஷியரி’ என்றும், தமிழில் வைத்துக்கொண்டால் ‘பயனாளி’ என்றும் வரும்.

மேஸ்திரி தன் பாஸ்புக்கின் முதல் பக்கத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். பெயர், கணக்கு எண், ஐ.எஃப்.எஸ்.சி. மூன்றும் அதில் இருந்தன. சித்தப்பா தனக்குத் தெரிந்த மேஸ்திரியின் பெயரைப் போட்டு, மற்ற இரண்டையும் பார்த்துத் தட்டினார். ஆப் ஏற்கவில்லை.

ஐ.எஃப்.எஸ்.சி.யைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் அதில் நிறைய விஷயம் இருக்கிறது. மொத்தம் பதினொரு எழுத்து. முதல் நான்கும் வங்கியைக் குறிக்கும். ஐந்தாவது எப்போதும் சைபர். கடைசி ஆறு கிளைக்கு. அந்த ஐந்தாவதை ஆங்கில ‘ஓ’ என்று நினைத்து அடிப்பவர்கள் ஏராளம். பாஸ்புக்கில் அச்சடித்த மையும் அதற்குத் துணைபோகும். சித்தப்பா சைபர்தான் போட்டிருந்தார். சிக்கல் முதல் நான்கில் இருந்தது: `LAVB`. கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கி. 2020 நவம்பரில் அது டி.பி.எஸ். வங்கியோடு இணைக்கப்பட்டது. கிளை அதே தெருவில் இருந்தாலும் 2022 மார்ச் முதல் பழைய கோடு செல்லாது. புதியது `DBSS` என்று தொடங்கும். மேஸ்திரி பாஸ்புக்கை மாற்றவில்லை, மாற்றவேண்டிய அவசியமும் அவருக்கு வரவில்லை. கூலியைக் கையில்தானே வாங்கிக்கொண்டிருந்தார். அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், சிண்டிகேட் கனராவோடும் சேர்ந்தபோதும் இதே கதைதான். பழைய பாஸ்புக், பழைய செக் புத்தகம் எதைப் பார்த்தும் கோடு எழுதக்கூடாது என்பது அன்றைக்கு முடிவாயிற்று. போனிலேயே மேஸ்திரியைப் பிடித்து, அவருடைய கிளையில் கேட்டுப் புதுக்கோடு வாங்கி அனுப்பச் சொன்னோம். அது வந்த பிறகுதான் மறுபடி திரையைத் திறந்தோம்.

கோடு தப்பாக இருந்தால் இப்படி ஆப்பே பல நேரம் நிறுத்திவிடும். கணக்கு எண் தப்பினால்தான் ஆபத்து. ஓர் இலக்கம் மாறி, அந்த மாறிய எண்ணிலும் யாருக்காவது கணக்கு இருந்துவிட்டால், பணம் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். பெயர் வேறாயிற்றே என்று தடுக்க ஆள் இல்லை. வருகிற பணத்தைக் கணக்கு எண்ணை மட்டும் வைத்து வரவு வைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2010லேயே சொல்லிவிட்டது. எண்ணைச் சரியாகக் கொடுப்பது அனுப்புகிறவரின் பொறுப்பு. நாம் பேயீ திரையில் எழுதும் பெயர் பல ஆண்டுகளாக நம் நினைவுக்கான குறிப்பு என்ற அளவில்தான் இருந்தது. யாருடைய கணக்கிலும் இல்லாத எண்ணாக இருந்தால் நெஃப்ட் பணம் திரும்பி வந்துவிடும். இன்னொருவர் கணக்குக்குப் போய்விட்டால், அவர் சம்மதிக்காமல் அவர் வங்கி அதை எடுத்துத் தராது. நம் வங்கியில் எழுதிக்கொடுத்துவிட்டு, முகம் தெரியாத ஒருவரின் நல்ல மனதுக்காகக் காத்திருக்க வேண்டியதுதான்.

ஆப் கணக்கு எண்ணை இரண்டு முறை கேட்பது இதற்காக. சித்தப்பா முதல் கட்டத்தில் அடித்ததை அழுத்திப் பிடித்து நகலெடுத்து, இரண்டாவதில் ஒட்டப் பார்த்தார். அந்தக் கட்டம் ஒட்ட விடவில்லை. “என்ன கழுத்தறுப்புடா இது” என்றார். விட்டிருந்தால் தப்பையும் சேர்த்தல்லவா நகலெடுத்திருப்போம்! நான் பாஸ்புக் படத்தைப் பெரிதாக்கி இலக்கங்களை வாசிக்க, அவர் அடித்தார். அடுத்து சைபர் வரிசையாக வரும் இடத்தில் நின்று எத்தனை சைபர் என்று எண்ணினோம். தப்பு நடப்பது பெரும்பாலும் அங்கேதான்.

இப்போது இன்னொரு வசதி வந்திருக்கிறது. நெஃப்டிலும் ஆர்.டி.ஜி.எஸ்ஸிலும் அனுப்புமுன், அந்த எண்ணில் உண்மையில் யார் பெயர் இருக்கிறது என்று காட்ட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. 2025 ஏப்ரல் 1க்குள் வங்கிகள் அதைச் செய்யவேண்டும் என்று கெடு வைத்தது. மேஸ்திரியின் எண்ணை அடித்ததும் திரையில் வந்தது ஒரு பெண் பெயர். சித்தப்பா கையை எடுத்துவிட்டார். பாஸ்புக் படத்தைத் திரும்பப் பார்த்தால் அதிலும் அதே பெயர்தான் இருந்தது. நாங்கள்தான் எண்ணைப் பார்த்த கண்ணால் பெயரைப் பார்க்கவில்லை. மேஸ்திரியைக் கேட்டோம். “அது என் சம்சாரம் பேருங்க. எனக்கெங்க சார் பேங்க்ல நிக்க நேரம்” என்றார். சரிதான். ஆனால் கேட்காமல் விட்டிருக்கக்கூடாது. பெயர் பொருந்தாதபோது போனை எடுத்து, நமக்கு முன்பே தெரிந்த எண்ணில் அந்த ஆளிடம் பேசுவதுதான் வழி. செய்தியில் வந்த புது எண்ணில் கூப்பிட்டு உறுதி செய்வதில் அர்த்தம் இல்லை. ஏமாற்றுகிறவன் இருந்தால் அதை எடுப்பவனும் அவனாகத்தானே இருப்பான்.

உறுதி கொடுத்ததும் ஓடிபி வந்தது. சித்தப்பாவுக்கு ஆறு இலக்கத்தை மட்டும் பார்த்து அடித்துவிடும் பழக்கம். முழுச் செய்தியையும் படிக்கச் சொன்னேன். புதிய பேயீயைச் சேர்க்க இந்த ஓடிபி என்று அதில் எழுதியிருக்கும், பெரும்பாலும் கணக்கு எண்ணின் கடைசி இலக்கங்களோடு. நாம் எதுவும் சேர்க்காதபோது இப்படி ஒரு செய்தி வந்தால், நம் கணக்குக்குள் வேறு யாரோ நுழைந்துவிட்டார்கள் என்று பொருள். வங்கியின் உதவி எண்ணுக்குப் பேசிக் கணக்கை முடக்கச் சொல்ல வேண்டும். பணமே போயிருந்தால் 1930க்கும் உடனே பேச வேண்டும்.

பேயீ சேர்ந்துவிட்டார். எழுபதாயிரத்தை அடித்தால் ஆப் மறுபடி மறுத்தது. புதிதாகச் சேர்த்தவருக்கு முதல் 24 மணி நேரத்தில் ஐம்பதாயிரத்துக்கு மேல் அனுப்ப முடியாது என்பது அவர் வங்கியின் ஏற்பாடு. வேறு வங்கிகளில் நேரமும் தொகையும் வேறாக இருக்கும். சிலவற்றில் முதல் அரைமணி எதுவுமே அனுப்ப முடியாது. சித்தப்பாவுக்குக் கோபம். “என் பணத்தை என்னை அனுப்ப விடமாட்டேங்கிறானா?” அந்தத் தாமதம் அவருக்காக வைத்ததில்லை. அவர் போனைக் கைப்பற்றியவன், திரையைப் பகிரும் ஆப் ஒன்றை ஏமாற்றி இறக்க வைத்தவன், முதலில் செய்வது தன் ஆளின் கணக்கைப் பேயீயாகச் சேர்ப்பது. அவனுக்கு நேரம் கிடைக்கக்கூடாது, நமக்குக் கிடைக்க வேண்டும். அந்த எஸ்.எம்.எஸ்.ஸைப் படித்துச் சுதாரிக்கும் நேரம்தான் அது. ஆகவே சனிக்கிழமை கொடுக்க வேண்டிய பணத்துக்கு வியாழக்கிழமையே பேயீயைச் சேர்த்து வைப்பது புத்திசாலித்தனம். காத்திருந்த இடைவெளியில் ஒரு ரூபாய் அனுப்பி, மேஸ்திரி வீட்டம்மாவின் போனுக்கு வரவுச் செய்தி வந்ததா என்று கேட்டுக்கொண்டோம். வந்திருந்தது. “ஒரு ரூபாய்க்கு இவ்வளவு விசாரணையா?” என்று அந்த அம்மா சிரித்தது இந்தப் பக்கம் கேட்டது.

அந்த ஒரு நாளில் லிமிட் பக்கத்துக்குப் போனோம். இந்தப் பக்கத்தைப் பலர் திறந்து பார்ப்பதே இல்லை. சித்தப்பாவின் கணக்கில் நாள் ஒன்றுக்கு ஐந்து லட்சம் அனுப்பலாம் என்று இருந்தது. அவர் பென்ஷனில் ஒரு மாதத்தில் செலவாவது இருபதாயிரத்துக்குள். இருப்பில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து லிமிட் வைப்பது தவறு. சாதாரணமாக ஒரு நாளில் அதிகபட்சம் எவ்வளவு அனுப்ப வேண்டிவரும் என்று பார்த்து வைக்க வேண்டும். இருபத்தைந்தாயிரம் என்று முடிவு செய்தோம். குறைப்பது அந்த நிமிடமே நடந்தது. ஏற்றுவதற்கு மட்டும் ஓடிபி, மறுபடி கடவுச்சொல், சில வங்கிகளில் காத்திருப்பும் உண்டு. வெள்ளிக்கிழமை இரவு எழுபத்தைந்தாயிரமாக ஏற்றினோம், சனிக்கிழமை காலை மேஸ்திரிக்குப் போனதும் மறுபடி இறக்கினோம்.

“எஃப்.டி.யில் இருக்கிறதே, அதுக்கு இந்த லிமிட் எதுக்கு?” என்று சித்தி கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் வைப்புநிதியை ஆப்பிலேயே உடைக்க முடியும். உடைத்தால் பணம் சேமிப்புக் கணக்கில் வந்து விழும். திருடன் அந்த வழியில்தான் போவான். உடைத்ததை வெளியே எடுத்துப்போக அவனும் இதே வாசலைத்தான் தாண்ட வேண்டும். நாள் லிமிட் இருபத்தைந்தாயிரம் என்றால் முதல் நாளில் அதற்குமேல் நகராது.

இதில் ஓட்டைகளும் இருக்கின்றன. இந்த லிமிட் யூ.பி.ஐ.யைத் தொடாமல் போகலாம். அதற்கு வேறு பக்கம், வேறு லிமிட். டெபிட் கார்டுக்கு வேறு. பேயீயாகச் சேர்க்காமலே சிறு தொகை அனுப்பும் வசதி பல ஆப்களில் உண்டு, அதற்கும் தனி உச்சவரம்பு. சில வங்கிகள் பேயீ ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு வரம்பு கேட்கும். அங்கே மொத்த நாள் லிமிட்டும் அதுவும் மோதினால் எது சிறியதோ அதுதான் செல்லும். ஒன்றைக் குறைத்துவிட்டு எல்லாம் பூட்டியாயிற்று என்று உட்கார்ந்துவிட முடியாது. எங்களுக்கு மூன்று இடங்களில் போய்க் குறைக்க வேண்டியிருந்தது.

ஒரு விஷயத்தில் சித்தப்பாவைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. “இன்றிரவு மின் இணைப்பு துண்டிக்கப்படும், உடனே இந்த எண்ணை அழைக்கவும்” என்று வரும் மோசடிச் செய்தியை அவர் சக ஓய்வூதியர்களுக்கெல்லாம் அனுப்பிச் சிரித்துக்கொண்டிருப்பவர். “ராத்திரி ஒன்பதரைக்கு எந்த லைன்மேன்டா வர்றான்?” ஆனால் அடுத்த செய்தி மின்வாரியத்தின் பெயரில் வராது, பென்ஷன் பெயரிலோ கூரியர் பெயரிலோ வரும். அதில் அவருக்கு முப்பது வருட அனுபவம் கிடையாது.

இருபத்தைந்தாயிரத்தை அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. “நடுராத்திரி ஆஸ்பத்திரியில் ஒரு லட்சம் கட்டுன்னா என்ன பண்றது?” என்றார். அந்தச் சங்கடத்துக்கு லிமிட்டை ஐந்து லட்சத்திலேயே வைத்திருப்பது விடை ஆகாது. ஆஸ்பத்திரியில் கார்டு வாங்குவார்கள், அதன் வரம்பை அளவாக உயர்த்தி வைக்கலாம். இன்னொன்று, சென்னையில் இருக்கும் மகளின் கணக்கைச் சாவகாசமான ஒரு நாளிலேயே பேயீயாகச் சேர்த்து, காத்திருப்பு நேரத்தைக் கடத்தி வைத்துவிடுவது. அவசரத்தில் லிமிட்டை ஏற்றினாலும், மகளைப் புதிதாகச் சேர்த்துக் காத்திருக்க வேண்டியிருக்காது. அன்று மாலையே மகளுக்குப் போன் போட்டார். அவள் ஒரு பழைய செக்கின் படத்தை அனுப்பினாள். “இந்தக் கோடு இப்பவும் நடப்புல இருக்கா? உன் ஆப்பைத் திறந்து பார்த்துச் சொல்லு” என்று கேட்டுவிட்டுத்தான் எண்ணைத் தட்ட ஆரம்பித்தார்.