பாடக்குறிப்பில் ஒரு வினைச்சொல்

"மாணவர் அறிந்துகொள்வர்" என்ற சொற்றொடர் இல்லாத பாடக்குறிப்பைக் காண்பது அரிது. அறிதல் உள்ளத்தில் நிகழ்வது. அதை நேரில் கண்டவர் எவர்? கண்ணும் காதும் சாட்சி சொல்லக்கூடிய செயலையே ஒரு பாடவேளையின் குறிக்கோளாக எழுதவேண்டும் என்பது, அரபியும் தமிழும் கற்பித்துவரும் எனது துணிபு.

இளம் ஆசிரியர் ஒருவர் தமது பாடக்குறிப்பைப் பார்த்துத் தருமாறு என்னிடம் கொடுத்தார். ஷம்ஸிய்யா, கமரிய்யா எழுத்துகள் பற்றிய பாடம் அது. அரபியின் 28 எழுத்துகளில் இவை வகைக்குப் பதினான்கு. 'அல்' என்பது ஷம்ஸிய்யா எழுத்தின்முன் வருங்கால் லாம் ஒலி மறைந்து அடுத்த எழுத்து இரட்டிக்கும்; அல்லும் ஷம்ஸும் சேர்ந்து அஷ்ஷம்ஸ் ஆகும். கமரிய்யாவின்முன் லாம் நிலைத்து, அல்கமர் என்றே ஒலிக்கும். "இவ்விதியைப் புரிந்துகொள்வர்" என்பது அவர் எழுதிய குறிக்கோள். "14 ஷம்ஸிய்யா எழுத்துகளையும் எழுதுக" என்பது அவர் வைத்திருந்த தேர்வு.

இவ்விரண்டும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. எழுத்துகளை நெட்டுருச் செய்து ஒப்புவித்த மாணவனே, வாசிக்கும்போது அல்ஷம்ஸ் என்று வாசிக்கக்கூடும். லாம் ஒலியில் மறையுமேயன்றி எழுத்தில் மறைவதில்லை. எனவே இத்திறனைச் செவியால்தான் அளக்கவேண்டும்.

இருவரும் சேர்ந்து குறிக்கோளை இவ்வாறு மாற்றினோம்: "முன்பு பார்த்திராத, ஷத்துக் குறியிடப்படாத பத்துச் சொற்களை மாணவர் வாய்விட்டு வாசிப்பர், எட்டிலேனும் லாம் ஒலியைச் சரியாகக் கையாள்வர்." தேர்வும் அதுவே ஆயிற்று.

'பார்த்திராத' என்றது ஏன்? அர்ரஹ்மான் என்பதைப் பிள்ளைகள் ஓதி மனனம் செய்திருக்கிறார்கள். அதைக் கேட்டால் விதியறிவு வெளிப்படாது, நினைவே வெளிப்படும். ஆகவே கடைத்தெருவைக் குறிக்கும் அஸ்ஸூக், ஒட்டகத்தைக் குறிக்கும் அல்ஜமல் போன்றவற்றைத் தேர்ந்தோம். ஷத்துக் குறியிட்டிருந்தால் அதுவே விடையைக் காட்டிக்கொடுத்துவிடும்.

எட்டு என்ற எல்லைக்கும் காரணம் உண்டு. வகைக்கு ஐந்தாகப் பத்துச் சொற்கள் வைத்தோம். எல்லாவற்றிலும் லாமை ஒலிப்பவனுக்கும், எல்லாவற்றிலும் மறைப்பவனுக்கும் ஐந்தே கிடைக்கும். தவறுகளை வகைபிரித்துக் குறித்துக்கொண்டால், எழுத்தைப் பார்த்தபடியே வாசிப்பவன் யார், இரட்டித்தலை எங்கும் நீட்டுபவன் யார் என்பதும் விளங்கும். ஜீம் கமரிய்யாவாயினும் அஜ்ஜமல் என நா வழுக்குவதுண்டு. அதற்கெனவே அச்சொல்லைச் சேர்த்தோம்.

"மொழியின் ஓசையின்பத்தைச் சுவைப்பர்" என்று இன்னொரு குறிக்கோளும் அக்குறிப்பில் இருந்தது. அது நல்ல நாட்டமே. ஆனால் ஒரு பாடவேளையில் அளந்து காட்டக்கூடியதன்று. அதனை அடித்துவிடாமல், ஆண்டு முழுமைக்குமுரிய பொதுநோக்கங்களின் வரிசைக்கு மாற்றினோம். அன்றைய பாடத்துக்கு வாசித்துக் காட்டும் பத்துச் சொற்களே போதும்.