ஏலாத பிள்ளையோடு பிறந்த பிள்ளை

கொஞ்சம் நீண்ட பதிவு. வீட்டில் ஏலாத பிள்ளை உள்ள உம்மா வாப்பாமார் நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

எனக்கு நேரே இளையவன் பெருமூளை வாதத்தோடு பிறந்தவன். கழுத்து நிற்காது, கதை வராது, இடைக்கிடை வலிப்பும் வரும். அவனுக்கு ஒரு நேரச் சாப்பாடு கொடுக்க முக்கால் மணித்தியாலம் பிடிக்கும். மூன்று நேரத்துக்கும் இரண்டேகால் மணித்தியாலம். காலையும் மாலையும் கை கால் மடக்கி நீட்டும் பயிற்சி, குளிப்பாட்டல், உடுப்பு மாற்றல், மருந்து எல்லாம் சேர்த்தால் உம்மாவின் நாளில் ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் தம்பிக்கே போய்விடும். மிச்சத்தில்தான் சமையலும் வீட்டு வேலையும் நித்திரையும். உம்மாவுக்கு எங்களில் பாசம் இல்லாமல் இல்லை. கணக்கில் நேரம்தான் இல்லை.

நான் ‘நல்ல பிள்ளை’ ஆனது அப்படித்தான். எதையும் கேட்க மாட்டேன், அழ மாட்டேன், கொப்பியை நானே உறை போட்டுக் கொள்வேன். வருகிறவர்கள் எல்லாம் “இந்தப் புள்ளையால உம்மாக்கு ஒரு கரச்சலும் இல்ல” என்பார்கள். அந்தப் பாராட்டைக் கேட்கக் கேட்க, கரச்சல் கொடுத்தால் இங்கே எனக்கு இடமில்லை என்றுதான் எனக்கு விளங்கியது. ரிப்போர்ட்டைக் காட்டினால் “வெச்சிட்டுப் போ மனே, பொறகு பாக்குறன்” என்பார் உம்மா. அந்தப் ‘பொறகு’ அநேகமாக வராது.

இன்று வகுப்பில் நிற்கும்போது, சத்தம் போடுகிற பிள்ளையை விட ஒன்றுமே கேட்காத பிள்ளையைத்தான் நான் கூடப் பார்க்கிறேன். தரம் 4இல் எனக்கு ஒரு மாணவன் இருந்தான். அவனுடைய தாத்தாவுக்கும் என் தம்பிக்கு இருந்த அதே வருத்தம். (அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.) அவனுக்கு அடிக்கடி வயிற்றுவலி வரும். வரவுப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தால், வராத நாட்கள் எல்லாம் செவ்வாய். தாத்தாவின் கிளினிக் நாள்.

உம்மாவைக் கூப்பிட்டுக் கதைத்தேன். “அவனுக்கு என்ன குறை டீச்சர்? கேட்டதெல்லாம் வாங்கிக் குடுக்கிறம். அவக்குப் பாக்கிறதப் பாத்துப் பொறாமைப்படுறான்” என்றார். பொறாமை என்று நான் எடுக்கவில்லை. வயிற்றுவலி வந்தால் மட்டும்தான் அந்த வீட்டில் அவனுக்குப் பக்கத்தில் ஒருவர் வந்து இருப்பார்.

‘அவனோடும் கொஞ்சம் நேரம் செலவழியுங்கள்’ என்று சொல்லி அனுப்புவது லேசு. அந்த நேரத்தை எங்கிருந்து எடுப்பது? இருவரும் இருந்து நாளைக் கணக்குப் போட்டோம். இராச் சாப்பாட்டில் வந்து நின்றது. வாப்பா வீட்டில்தான் இருக்கிறார், ஆனால் தீத்துவது உம்மா மட்டும். ஒரு தடவை வாப்பா தீத்தப் போய்ப் பிள்ளைக்குப் புரைக்கேறி விட்டதாம். பயந்து விட்டவர், அதற்குப் பிறகு தொடவே இல்லை.

அது பாசக் குறை இல்லை, பழக்கம் இல்லாத குறை. வாப்பா மடியில் சாய்த்துத் தலையைப் பின்னுக்கு விட்டுத் தீத்தியிருக்கிறார். அப்படி விட்டால் சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள் போகும். பிள்ளையை நிமிர்த்தி இருத்தி, தலை நடுவில் சற்று முன்னுக்குக் குனிந்தாற்போல் இருக்க, சின்னக் கரண்டியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, ஒன்றை விழுங்கினதைக் கண்ட பிறகே அடுத்ததைக் கொடுக்க வேண்டும். சாப்பிட்ட உடனே படுக்க வைக்கவும் கூடாது. அடுத்த கிளினிக்குக்கு வாப்பாவையும் கூட்டிக்கொண்டு போய், பயிற்சி கொடுப்பவரிடமே அவரைப் பழகச் சொன்னேன். உம்மா பக்கத்தில் இருக்க மூன்று கிழமை தீத்தினார். பிறகு தனியாகத் தீத்தினார்.

அங்கேதான் நேரம் பிறந்தது. இஷாவுக்குப் பிறகு இருபது நிமிடம், உம்மாவும் மகனும் மட்டும். நேரம் குறித்திருக்க வேண்டும், ‘வேலை முடிஞ்சா’ என்று இருக்கக் கூடாது. வேலை முடியாது. போன் வேறு அறையில். பாடம் கேட்பதும் கூடாது, அது அவனுக்கு இன்னொரு வகுப்பு. அவன் கெரம் விளையாடக் கேட்டான். முதல் நாலைந்து நாள் வேணுமென்றே குழப்படி செய்து பார்த்திருக்கிறான், உம்மா எழும்பிப் போகிறாரா என்று. அவர் எழும்பவில்லை.

பத்து நாள் போல் கழித்துத்தான் கேட்டிருக்கிறான்: “உம்மா, தாத்தாக்கு வந்தது எனக்கும் வருமா?”

இப்படிப்பட்ட பிள்ளைகள் பெரும்பாலும் மூன்று கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு திரிவார்கள். இது என்னாலா வந்தது? எனக்கும் வருமா? உம்மா வாப்பாவுக்குப் பிறகு யார் பார்ப்பது? முதல் இரண்டுக்கும் நேரான பதில் உண்டு. பெருமூளை வாதம் பிறப்பதற்கு முன்போ, பிறக்கும்போதோ, பிறந்த கொஞ்சக் காலத்திலோ மூளைக்கு ஏற்பட்ட பாதிப்பால் வருவது. தொற்றாது. யாருடைய கோபத்தாலும் வராது. பெரும்பாலும் பரம்பரையாகவும் வருவதில்லை. கலியாணப் பேச்சில் ‘அந்தக் குடும்பத்துல அப்படி ஒண்டு இருக்கு’ என்று குசுகுசுப்பவர்களும் இதை ஒரு தரம் வாசிக்கலாம்.

மூன்றாவது பாரமானது. எனக்குப் பத்து வயதிருக்கும். வந்த விருந்தாளி ஒருவர் என் தலையைத் தடவி, “இவதானே பொறகு தம்பியப் பாக்கப் போறா” என்றார். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. பெண் பிள்ளை என்றால் இந்தப் பேச்சு இன்னும் கெதியாக வரும். அதைப் பெரியவர்கள், மாமா சாச்சாமாரையும் சேர்த்து, தங்களுக்குள் கதைத்து முடிவெடுக்கட்டும். பிள்ளையிடம், “அது எங்கட யோசனை, நீ படி, விளையாடு” என்று சொன்னால் காணும்.

வேலை கொடுக்கவே கூடாது என்று சொல்லவில்லை. வலிப்பு வந்தால் பத்து வயதுப் பிள்ளை மணிக்கூட்டைப் பார்க்கலாம், பக்கத்தில் உள்ள சாமான்களை அகற்றலாம், பெரியவரைக் கூப்பிடலாம். ஐந்து நிமிடம் தாண்டினால் 1990க்கு எடுப்பது பெரியவரின் வேலை. பிள்ளையைத் தனியே காவலுக்கு வைத்துவிட்டுக் கடைக்குப் போவதுதான் பிழை.

‘பிள்ளைகளுக்கிடையில் நீதம் வேணுமே டீச்சர்’ என்று சிலர் கேட்பார்கள். நுஃமான் இப்னு பஷீர் (ரழி) அவர்களுக்குத் தந்தை கொடுத்த அன்பளிப்புக்குச் சாட்சியாக இருக்க நபி (ஸல்) அவர்கள் மறுத்த சம்பவம் நமக்குத் தெரியும். மற்றப் பிள்ளைகளுக்கு அப்படிக் கொடுக்கவில்லை என்பதுதான் காரணம். ஆனால் அது அன்பளிப்பு. தேவைக்குச் செய்வது வேறு, அது ஆளுக்கு ஆள் மாறும். முக்கால் மணித்தியாலம் தீத்துவது தாத்தாவின் தேவை. அதை யாரும் சமப்படுத்தக் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்து கதை கேட்பது, தட்டிக்கொடுப்பது, இல்ல விளையாட்டுப் போட்டிக்கு வந்து நிற்பது, இவற்றைத்தான் நான் அன்பளிப்புக் கணக்கில் சேர்ப்பேன்.

அந்த மாணவனின் தாத்தா நெஞ்சுச் சளியோடு ஒரு கிழமை வார்ட்டில் இருந்தபோது இருபது நிமிடம் ஏலாமல் போய்விட்டது. உம்மா அதே நேரத்துக்குப் போன் எடுத்து ஐந்து நிமிடம் கதைத்தார், எந்த நாள் மீண்டும் கெரம் என்றும் சொல்லி வைத்தார். அந்தத் தவணையில் செவ்வாய் வயிற்றுவலி பிறகும் இரண்டு தரம் வந்தது.

வாப்பா கட்டாரிலோ சவூதியிலோ இருக்கிற வீடுகளுக்கு இது இன்னும் கஷ்டம். மூத்தம்மாவோ சாச்சியோ கிழமையில் இரண்டு நேரச் சாப்பாடு தீத்தப் பழகினாலும் காணும், அந்த இரண்டு நேரத்தையும் மற்றப் பிள்ளைக்குக் குறித்துவிடுங்கள். அதுவும் ஏலாதென்றால், ஏலாத பிள்ளை பகலில் நித்திரை கொள்ளும் நேரத்தில் முதல் பத்து நிமிடத்தை எடுங்கள். சட்டி பானை பிறகு கழுவலாம்.