பலகையை நம்பி

டில்லி மயூர் விஹாரில் வசிக்கும் அந்த ஓய்வுபெற்ற ஆசிரியைக்குச் சந்தேகம் வந்தது, பில்லைப் பார்த்த பிறகுதான். வாஷிங் மெஷின் மோட்டாரை மாற்றியதற்கு 4,200 ரூபாய். கடைப் பலகையில் கம்பெனியின் சின்னம் பளிச்சென்று இருந்தது. பில்லிலோ கம்பெனியின் பெயரே இல்லை. கடையின் பெயரும் ஜி.எஸ்.டி. எண்ணும் மட்டுமே. அரசின் இணையதளத்தில் தேடினார். எண் சரியானதுதான். ஆனால் அது கடை வரிக்குப் பதிவானது என்பதைத்தான் சொல்லும். கம்பெனி அங்கீகரித்ததா என்பதைச் சொல்லாது.

கடைக்காரர் சுவரில் மாட்டியிருந்த சான்றிதழைக் காட்டினார். அது காலாவதியாகி இரண்டு வருடமாகியிருந்தது.

கடைசியில் வாரண்டி அட்டையில் அச்சிட்டிருந்த எண்ணுக்குப் போன் செய்தார். கடையின் பெயரைச் சொல்லவில்லை; பின்கோடை மட்டும் சொல்லி, “இங்கே உங்கள் சர்வீஸ் சென்டர் எது?” என்று கேட்டார். கிடைத்தது வேறொரு பெயர், வேறொரு முகவரி. மோட்டாருக்கு இன்னும் வாரண்டி இருந்ததாம். வெளியாள் பிரித்துவிட்டதால் இனி செல்லாது.

போன மாதம் ஃபிரிட்ஜ் மக்கர் செய்தது. முதலில் கம்பெனிக்குப் போன். எஸ்.எம்.எஸ்.ஸில் புகார் எண் வந்தது. வாசலில் நின்ற மெக்கானிக்கிடம் அந்த எண்ணைக் கேட்டார். அவர் சரியாகச் சொன்ன பிறகே கதவு திறந்தது.